வாங்குவதா, ஏற்பதா, மூடுவதா: தொடர்புடைய செலவுக் கணக்கைப் போடும் முறை

கோவையில் வெட் கிரைண்டர் செய்யும் நடுத்தர அளவிலான கம்பெனி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் முதலாளி முன்னால் ஒரே மாதத்தில் மூன்று கேள்விகள் வந்து நிற்கின்றன. டேபிள் டாப் கிரைண்டருக்கான மோட்டாரை இனியும் நாமே வைண்டிங் செய்வதா, வெளியே வாங்குவதா? கேரளத்துக் கடைக்காரர் ஒருவர் குறைந்த விலைக்குக் கேட்கும் 400 கிரைண்டர் ஆர்டரை ஏற்பதா? மாதாமாதம் நஷ்டம் காட்டும் டில்டிங் கிரைண்டர் பிரிவை மூடிவிடுவதா?

மூன்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். எந்தச் செலவு, எந்த வரவு இந்த முடிவால் மாறுகிறதோ அது மட்டுமே கணக்கில் வர வேண்டும். சொல்வது எளிது. புதிதாகக் கணக்கு போடுகிறவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் வரிசையில்தான். ஒரு பீஸுக்கான அடக்க விலைத் தாளை முதலில் கையில் எடுத்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு செய்யும் எல்லாமே அந்தத் தாளின் போக்கில் போய்விடுகிறது. கீழே உள்ள எண்கள் முறையைக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் எண்களை அவற்றின் இடத்தில் வைத்துப் பாருங்கள்.

## 1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

அடக்க விலைத் தாளை ஓரமாக வைத்துவிட்டு நான்கு விஷயங்களைத் திரட்டுங்கள்.

முதலாவது, கடைசி ஆறு மாதங்களில் வங்கியிலிருந்தும் கைப்பணத்திலிருந்தும் உண்மையில் வெளியே போன செலவுகளின் பட்டியல், மாத வாரியாக. ஆறு மாதம் கேட்பதற்குக் காரணம் உண்டு. உற்பத்தி ஏறிய மாதத்தில் எந்தச் செலவு ஏறியது, எது அசையாமல் நின்றது என்பது ஒரு மாதக் கணக்கைப் பார்த்தால் தெரியாது.

இரண்டாவது, ஊதிய முறை. வைண்டிங் ஆளுக்குப் பீஸ் ரேட்டா, மாதச் சம்பளமா? பீஸ் ரேட் என்றால் ஒரு மோட்டார் குறைந்தால் கூலியும் குறையும். மாதச் சம்பளம் என்றால் குறையாது. அடக்க விலைத் தாளில் இரண்டுமே 'நேரடிக் கூலி' என்ற ஒரே தலைப்பில் இருக்கும். அந்தத் தலைப்பை நம்பி அப்படியே மாறும் செலவில் சேர்ப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை.

மூன்றாவது, ஒப்பந்தங்கள். ஷெட் வாடகை ஒப்பந்தத்தில் காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு வேண்டும், மின் இணைப்பின் ஒப்பந்தப் பளு எவ்வளவு என்று பாருங்கள். ஒரு பிரிவை நிறுத்தினாலும் பளுவைக் குறைக்க விண்ணப்பித்து மாற்றும்வரை மின்சாரத்தின் நிலைக்கட்டணம் அப்படியே வரும். யூனிட் கட்டணம் மட்டுமே குறையும்.

நான்காவது, ஒவ்வொரு பகுதியின் மாதத் திறன்: வைண்டிங் எத்தனை மோட்டார், அசெம்பிளி எத்தனை கிரைண்டர், பேக்கிங் எத்தனை. இதை அலுவலகத்தில் கேட்டால் மெஷின் வாங்கியபோது சொன்ன எண்ணைத் தருவார்கள். தளத்தில் போய் மேற்பார்வையாளரைக் கேளுங்கள். ஆள் வராத நாளும் மெஷின் பழுதான நாளும் போக உண்மையில் எவ்வளவு முடிகிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

விலைகளை எல்லாம் ஜிஎஸ்டி நீக்கிக் குறித்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது கட்டிய வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ள முடிகிற கம்பெனிக்கு அது செலவல்ல. காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு அந்த வரவு கிடையாது. அவருக்கு மட்டும் வரியும் சேர்ந்ததுதான் விலை.

## 2. ஒவ்வொரு செலவுக்கும் ஒரே கேள்வி

பட்டியலில் உள்ள ஒவ்வொரு வரியிடமும் இதைக் கேளுங்கள்: இந்த முடிவை எடுத்தால் ஒரு தொகை, எடுக்காவிட்டால் வேறு தொகை என்று இந்தச் செலவு ஆகிறதா? ஆகிறது என்றால் அந்த வித்தியாசம் மட்டும் உள்ளே வரட்டும். இல்லை என்றால் அடித்துவிடுங்கள்.

தேய்மானம் இந்தக் கேள்வியில் தானாகவே விழுந்துவிடும். வைண்டிங் மெஷினுக்கான பணம் என்றோ போய்விட்டது. ஏட்டில் மிச்சமிருக்கும் மதிப்பும் இந்த முடிவுக்கு உதவாது. இன்று விற்றால் என்ன கிடைக்கும் என்பது மட்டும் உதவும்.

கையிருப்புச் சரக்கில் நேர்மாறான தவறு நடக்கிறது. ஸ்டோரில் உள்ள செம்புக் கம்பி பழைய விலைக்கு வாங்கியது என்று பழைய விலையையே போடுகிறார்கள். அந்தக் கம்பியை இந்த வேலைக்கு எடுத்தால் வழக்கமான வேலைக்கு இன்றைய விலையில் திரும்ப வாங்கியாக வேண்டும். ஆகவே இன்றைய விலைதான் செலவு. இனி வேறு எதற்குமே உதவாத பழைய உதிரிகள் என்றால், காயலான் கடையில் என்ன கிடைக்குமோ அதுதான் அவற்றின் விலை.

நிலைச் செலவு என்றாலே தொடர்பில்லாதது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மேற்பார்வையாளர் சம்பளம் நிலைச் செலவுதான், ஆனால் பிரிவை மூடினால் அது மிச்சமாகலாம். செலவு தவிர்க்கக் கூடியதா என்று பாருங்கள். நிலையானதா, மாறுவதா என்ற பிரிவினை இந்த இடத்தில் உங்களுக்கு முழுமையாகக் கைகொடுக்காது.

## 3. நெருக்கடி எந்தப் பகுதியில் என்று முதலில் கண்டுபிடியுங்கள்

நம் கம்பெனியில் டேபிள் டாப் கிரைண்டர் மாதம் 1,000 விற்கிறது. வைண்டிங் பகுதியால் மாதம் 1,200 மோட்டார் முடியும். அசெம்பிளியால் 1,500 கிரைண்டர் முடியும். ஆக நெருக்கடி வைண்டிங்கில். அங்கே சும்மா இருக்கும் இடம் 200 மோட்டாருக்கு மட்டுமே.

இதை மூன்று கேள்விகளுக்கும் முன்னால் வைப்பதற்குக் காரணம், மூன்றும் இந்த ஒரு பகுதியின் வழியாகத்தான் ஒன்றையொன்று தொடுகின்றன. தனித்தனியாகக் கணக்குப் போட்டால் ஒவ்வொன்றும் சரியாகவே இருக்கும். மூன்றையும் சேர்த்துச் செயல்படுத்தும்போது ஒரே காலியிடத்தை இரண்டு முறை செலவழித்திருப்பீர்கள்.

## 4. மோட்டாரைச் செய்வதா, வாங்குவதா

அடக்க விலைத் தாள் ஒரு மோட்டாருக்கு இப்படிச் சொல்கிறது:

- கம்பி, ஸ்டாம்பிங், பேரிங், ஷாஃப்ட், வார்னிஷ்: ரூ.640
- பீஸ் ரேட் கூலி: ரூ.90
- வைண்டிங், டெஸ்டிங்குக்கான மின் யூனிட்: ரூ.10
- மேற்பார்வையாளர் சம்பளப் பங்கு: ரூ.30
- மெஷின் தேய்மானம்: ரூ.40
- வாடகை, அலுவலகச் செலவுப் பங்கு: ரூ.70

மொத்தம் ரூ.880. வெளியே ஒருவர் கம்பெனி வாசலில் கொண்டுவந்து இறக்கி ரூ.810-க்குத் தருகிறார். மோட்டாருக்கு 70 ரூபாய், மாதம் 70,000 ரூபாய் மிச்சம் என்று தோன்றும்.

இப்போது இரண்டாம் படியின் கேள்வியைக் கேளுங்கள். முதல் மூன்றும் சந்தேகமில்லாமல் நிற்கும்: 740. தேய்மானம் போய்விட்டது. வாடகையும் அலுவலகச் செலவும் மோட்டார் செய்தாலும் செய்யாவிட்டாலும் கட்ட வேண்டியவை, அவையும் போயின.

மேற்பார்வையாளர் விஷயத்தில்தான் நின்று யோசிக்க வேண்டும். அவரை வேலையை விட்டு அனுப்பப் போவதில்லை, அதனால் சம்பளம் தொடரும் என்று எழுதிவிடுவது வழக்கம். ஆனால் அசெம்பிளியில் ஒரு மேற்பார்வையாளர் இடம் காலியாக இருக்கிறது, ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். வைண்டிங்கை நிறுத்தினால் இவரை அங்கே போடலாம், புது ஆளுக்குத் தர வேண்டிய 30,000 ரூபாய் மிச்சமாகும். ஆகவே அந்த 30 தொடர்புடையதுதான். செய்வதன் தொடர்புடைய செலவு ரூ.770.

வாங்குவதன் பக்கமும் 810-இல் நின்றுவிடாது. வந்திறங்கும் மோட்டாரைச் சோதித்து எடுக்க ஆள் நேரம் மாதம் 12,000 ரூபாய்க்கு வேண்டும், மோட்டாருக்கு 12. ஆக ரூ.822. நாமே செய்வது 52 ரூபாய் மலிவு, மாதம் 52,000. தாள் சொன்னதற்கு நேர் எதிரான விடை.

இதோடு நிறுத்தாமல் வைண்டிங் நிறுத்தப்பட்டால் அந்த இடம் என்ன சம்பாதிக்கும் என்று கேளுங்கள். பக்கத்துப் பட்டறைக்காரர் மாதம் 20,000 வாடகைக்குக் கேட்கிறார் என்றால், செய்வதால் அந்த வாடகையை இழக்கிறோம். இதுவே வாய்ப்புச் செலவு. அதைக் கழித்தாலும் செய்வதில் 32,000 மிஞ்சுகிறது. அத்துடன் ஓர் எல்லை விலையும் கிடைக்கிறது: 770 கூட்டல் 20, கழித்தல் 12, அதாவது ரூ.778. வெளி விலை இதற்குக் கீழே இறங்கினால் வாங்குவதே நல்லது. பேரம் பேசப் போகிறவரிடம் இந்த எண்ணைக் கொடுத்து அனுப்புங்கள்.

கம்பியும் ஸ்டாம்பிங்கும் நாமே கொடுத்து வைண்டிங்கை மட்டும் ஜாப் வொர்க்காக வெளியே தரும் மூன்றாவது வழியும் இருக்கிறது. அப்போது ஒப்பிட வேண்டியது 770-ஐ அல்ல. பொருள் இரண்டு பக்கமும் ஒன்றே என்பதால் கூலி, மின்சாரம், மேற்பார்வை சேர்ந்த 130 ரூபாயைத்தான் வெளிக்கூலியோடு ஒப்பிட வேண்டும். ஜாப் வொர்க்குக்கு அனுப்பிய பொருள் ஓராண்டுக்குள் திரும்பாவிட்டால் ஜிஎஸ்டி சட்டம் அதை விற்றதாகக் கருதும். அனுப்பும் சலானையும் கணக்கையும் ஒழுங்காக வையுங்கள்.

## 5. குறைந்த விலை ஆர்டர்

கேரளக் கடைக்காரர் தன் பெயரில் 400 டேபிள் டாப் கேட்கிறார். ஒரே தடவை, ஒரே மாதத்தில், ஒன்றுக்கு ரூ.2,450. நம் டீலர் விலை 3,200. தாளின்படி அடக்க விலையே 2,700. ஒன்றுக்கு 250 நஷ்டம் என்று சொல்லி இந்த ஆர்டரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

2,700-இல் 510 என்பது எப்படியும் கட்டப்போகும் நிலைச் செலவின் பங்கு. மோட்டார் 740, கல் 380, எவர்சில்வர் டிரம் 330, பாடி 420, சுவிட்ச், பெல்ட், வயர் 150, அசெம்பிளி பீஸ் ரேட் 110, பேக்கிங் 60 என்று கூட்டினால், ஒரு கிரைண்டர் கூடுதலாகச் செய்ய உண்மையில் ஆவது ரூ.2,190.

இந்த ஆர்டருக்கு மட்டுமே ஆகும் செலவுகளைத் தனியே எழுதுங்கள். லாரி வாடகை கிரைண்டருக்கு 40. கடைக்காரர் பெயர் பொறிக்கும் அச்சு 25,000. டீலர் கமிஷனும் சர்வீஸ் செலவுமாக வழக்கமான விற்பனையில் ஆகும் 160 இங்கே இல்லை, ஏனென்றால் உத்தரவாதக் காலச் சேவையைக் கடைக்காரரே ஏற்கிறார். இந்த ஒரு விஷயத்தை எழுத்தில் வாங்காமல் கணக்கை முடிக்காதீர்கள். 400 கிரைண்டரின் சேவைச் செலவு பின்னால் நம் தலையில் விழுந்தால் இந்தக் கணக்கே செல்லாது.

விலையிலிருந்து 2,190-உம் 40-உம் போக ஒன்றுக்கு 220, நானூற்றுக்கு 88,000. அச்சுச் செலவு போக 63,000 மிஞ்சுகிறது.

பலர் இங்கே எழுந்துவிடுகிறார்கள். மூன்றாம் படி இப்போதுதான் தேவைப்படுகிறது. காலியாக இருப்பது 200 மோட்டாருக்கான இடம், ஆர்டரோ 400. மீதி 200-ஐ வழக்கமான உற்பத்தியிலிருந்து பிடுங்கினால் 200 டீலர் விற்பனை போகும். டீலர் விற்பனையில் ஒரு கிரைண்டரின் பங்களிப்பு, அதாவது விலையிலிருந்து அதற்கென்றே ஆகும் செலவுகளைக் கழித்த மிச்சம், 3,200 கழித்தல் 2,190 கழித்தல் 160, ரூ.850. இருநூற்றுக்கு 1,70,000. 63,000 வரவுக்காக அதை இழந்தால் 1,07,000 கைநஷ்டம்.

இன்னொரு வழி இருக்கிறது. குறைகிற 200 மோட்டாரை மட்டும் வெளியே வாங்கலாம். சிறிய அளவு என்பதால் ரூ.850 கேட்கிறார்கள். சோதனைக்கு 12 சேர்த்து 862. நாமே செய்யும் மாறும் செலவான 740-ஐவிட 122 கூடுதல். மேற்பார்வையாளர் சம்பளம் இந்த ஒரு மாதத்தில் எப்படியும் போவதால் இங்கே 770 வராது, 740-தான். இருநூற்றுக்கு 24,400 கூடுதல் செலவு. 63,000-இலிருந்து அதைக் கழித்தால் 38,600 லாபம்.

முந்தைய படியில் 'செய்வதே நல்லது' என்று வந்த அதே மோட்டாரை இப்போது வாங்கச் சொல்கிறேன். இதில் முரண்பாடு இல்லை. முதல் கேள்வி மாதாந்திர 1,000 மோட்டார் பற்றியது. இது திறனுக்கு மேல் போகும் 200 பற்றியது.

ஏற்கக்கூடிய குறைந்தபட்ச விலையையும் குறித்துக்கொள்ளுங்கள். 2,190, லாரி 40, அச்சில் ஒன்றுக்கு 62.50, மோட்டார் கூடுதலில் ஒன்றுக்கு 61. மொத்தம் ரூ.2,353.50. பேரத்தில் இதற்குக் கீழே போகக் கூடாது.

எண்ணுக்குள் வராத ஆபத்து ஒன்று இருக்கிறது, அதையும் எண்ணாக்கிப் பார்த்துவிடலாம். இந்த விலை நம் டீலர்கள் காதுக்குப் போனால் அவர்களும் குறைக்கச் சொல்வார்கள். 38,600-ஐ 1,000 கிரைண்டரால் வகுத்தால் 38.60. டீலர்களுக்கு ஒரே ஒரு மாதம் கிரைண்டருக்கு 39 ரூபாய் குறைக்க நேர்ந்தாலே இந்த ஆர்டரின் லாபம் முழுவதும் போய்விடும். நம் டீலர்கள் பாலக்காட்டிலும் திருச்சூரிலும் இருக்கிறார்கள், கடைக்காரரும் அங்கேயே விற்கப்போகிறார் என்றால் நான் இந்த ஆர்டரை ஏற்கச் சொல்ல மாட்டேன். நமக்கு டீலரே இல்லாத பகுதி என்றால் தயங்காமல் ஏற்கலாம்.

அதே கடைக்காரர் மாதாமாதம் 400 கேட்டால் அது தனி ஆர்டர் அல்ல, நிரந்தர வியாபாரம். அப்போது இன்னொரு வைண்டிங் மெஷின், கூடுதல் ஆள், கடன் கொடுக்கும் நாட்களுக்கான வட்டி எல்லாம் மாறும் செலவுகளாகிவிடும். 510 ரூபாய் நிலைச் செலவையும் யாராவது ஏற்றாக வேண்டும். இந்தத் தாளை அதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

## 6. நஷ்டம் காட்டும் டில்டிங் பிரிவு

ஓட்டல்களுக்கான டில்டிங் கிரைண்டர் மாதம் 40 போகிறது, விலை 18,000. மாறும் செலவு 13,500. ஒன்றின் பங்களிப்பு 4,500, நாற்பதுக்கு 1,80,000. இதன் மோட்டார் வெளியிலிருந்தே வருகிறது, ஆகவே வைண்டிங் நெருக்கடியை இந்தப் பிரிவு தொடுவதில்லை. இதை முதலிலேயே சரிபார்த்துவிடுங்கள். தொடுகிறதென்றால், பிரிவை மூடுவதால் விடுபடும் வைண்டிங் நேரத்தின் மதிப்பையும் சேர்க்க வேண்டியிருக்கும்.

இந்தப் பிரிவின் மேல் ஏற்றப்பட்டிருக்கும் நிலைச் செலவுகள்:

- ஃபோர்மன், இரண்டு ஃபிட்டர் சம்பளம்: ரூ.72,000
- தனி ஷெட் வாடகை: ரூ.25,000
- ஜிக், அச்சுகளின் தேய்மானம்: ரூ.30,000
- அலுவலகச் செலவில் பங்கு: ரூ.95,000

மொத்தம் 2,22,000. பங்களிப்பைக் கழித்தால் மாதம் 42,000 நஷ்டம். கணக்காளர் தரும் அறிக்கையில் இந்த எண் சிவப்பில் நிற்கும்.

மூடினால் என்ன நடக்கும்? 1,80,000 பங்களிப்பு போகும். சம்பளமும் ஷெட் வாடகையும் சேர்ந்து 97,000 மிச்சமாகும். தேய்மானமும் அலுவலகப் பங்கும் மறைந்துவிடாது, மற்ற பிரிவுகளின் தலையில் ஏறும். கம்பெனியின் லாபம் மாதம் 83,000 குறையும். ஒரு பிரிவை இப்படி மூடிய பிறகு அதன் 95,000-ஐச் சுமக்கும் அடுத்த பிரிவு நஷ்டம் காட்டத் தொடங்குவதையும், அதையும் மூடலாமா என்ற பேச்சு வருவதையும் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, கூட விற்பவற்றைப் பாருங்கள். ஓட்டலுக்கு டில்டிங் வாங்கும் டீலர்கள் அதே லாரியில் டேபிள் டாப்பும் ஏற்றுகிறார்கள். விற்பனை பில்களைப் புரட்டி எத்தனை பில்லில் இரண்டும் சேர்ந்து வந்திருக்கின்றன என்று எண்ணுங்கள். விற்பனைப் பிரிவு சொல்லும் ஊகத்தைவிட இது நம்பகமானது. மாதம் 30 டேபிள் டாப் போகும் என்று வந்தால் இன்னொரு 25,500 இழப்பு. மொத்தம் 1,08,500.

ஒருமுறை வரவுசெலவுகளைத் தனி வரியில் எழுதுங்கள், மாதக் கணக்கோடு கலக்க வேண்டாம். ஜிக், அச்சுகளை விற்றால் 2,00,000 கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவரை ஆட்குறைப்பு செய்தால், பணி செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடாகத் தர வேண்டும். ஷெட்டுக்கு முன்னறிவிப்பு மாதங்களின் வாடகையும் போகும். அந்த மாதங்களில் 25,000 தவிர்க்கக் கூடிய செலவே அல்ல. இந்தச் செலவுகளை எல்லாம் விட்டுவிட்டாலும், கிடைக்கும் இரண்டு லட்சம் மாத இழப்பான 1,08,500-க்கு இரண்டு மாதம்கூடத் தாங்காது.

எப்போது மூடலாம் என்ற எல்லையும் இதிலேயே இருக்கிறது. தவிர்க்கக் கூடிய 97,000-ஐ 4,500-ஆல் வகுத்தால் 21.6. கூட விற்பவற்றைக் கணக்கில் எடுக்காவிட்டால், மாதம் 22-க்குக் கீழே விற்பனை போகும்போது மூடுவது லாபம். 25,500-ஐயும் சேர்த்தால் 71,500-ஐ 4,500-ஆல் வகுக்க வேண்டும், எல்லை 16-ஆக இறங்குகிறது. இன்று விற்பது 40. விற்பனை 20-ஐ நெருங்கும்போது தாளை மறுபடி எடுத்தால் போதும்.

மூடாமல் மாற்றிப் போடும் யோசனை வந்தால் அதற்கும் இதே எல்லைதான். அந்த ஷெட்டிலும் அதே மூன்று ஆட்களாலும் வேறொரு பொருள் செய்து மாதம் 2,05,500-க்கு மேல் பங்களிப்பு வருமானால், அதாவது 1,80,000-உம் 25,500-உம் சேர்ந்ததைத் தாண்டுமானால், டில்டிங்கை விட்டுவிடலாம்.

## 7. கணக்கைத் திறந்து பார்க்க வேண்டிய தருணங்கள்

மூன்று தாள்களின் மேலும் தேதியையும் எந்தக் காலத்துக்கான கணக்கு என்பதையும் எழுதுங்கள். தொடர்புடைய செலவு காலத்தைப் பொறுத்தது. ஒரு மாதத்துக்குத் தவிர்க்க முடியாத மேற்பார்வையாளர் சம்பளம் ஓராண்டுக் கணக்கில் தவிர்க்கக் கூடியது. மேலே 740-உம் 770-உம் இரண்டு இடங்களில் வந்தது அதனால்தான்.

வைண்டிங் மெஷின் மாற்ற வேண்டிய நிலை வரும்போது நான்காம் படியைக் கட்டாயம் திருப்பிப் போடுங்கள். பழைய மெஷினின் தேய்மானத்தை நாம் அடித்தோம். வாங்கப்போகும் மெஷினின் விலையை அடிக்க முடியாது, அந்தப் பணம் இன்னும் கையில்தான் இருக்கிறது. புது மெஷின் 6,00,000, ஐந்தாண்டு உழைக்கும் என்றால் வட்டி நீங்கலாக மாதம் 10,000. இடத்துக்கு வாடகை கேட்பவரையும் சேர்த்தால் செய்வதன் சாதகம் 32,000-இலிருந்து 22,000-ஆகக் குறையும், வட்டி போட்டால் இன்னும் கொஞ்சம் குறையும். எல்லை விலையான 778-உம் 788-ஆக உயரும். மோட்டார் தருபவர் 810-இலிருந்து எவ்வளவு இறங்குவார் என்று மெஷினுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே ஒருமுறை கேட்டுவிடுங்கள்.